நைட் டூட்டி நர்ஸும் ‘வயது குறைந்தவர்’ முத்திரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வயது 27. தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு 8 முதல் காலை 8 வரை டூட்டி. போன வருடம், படமும் வீடியோவும் பகிரும் ஒரு செயலி என்னை 18 வயதுக்குக் கீழே என்று முடிவு செய்தது. எந்தச் செயலி என்பது இங்கே வேண்டாம். பல செயலிகளிலும் இப்போது ஏறக்குறைய இதே வழிமுறைதான். கணக்கைச் சரி செய்த பிறகு வார்டு ஜூனியர்களும், கூடப் படித்தவர்களும் கேட்ட கேள்விகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

அக்கா, உங்க கணக்கை மொத்தமா மூடிட்டாங்களா?

இல்லை. மூடியிருந்தால் உடனே தெரிந்திருக்கும். டீன் ஏஜ் பிள்ளைகளுக்கான கணக்காக மாற்றிவிட்டார்கள். உள்ளே போக முடிந்தது, பழைய படங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் கணக்கு தனிப்பட்டதாக மாறியிருந்தது. நான் பின்தொடராதவர்கள் எனக்குச் செய்தி அனுப்ப முடியவில்லை. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை எந்த அறிவிப்பும் ஒலிக்காது, ‘தூங்கும் நேரம்’ என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கும்.

எனக்கு வினையாக வந்தது அந்தக் கடைசி விஷயம்தான். எங்கள் பேட்ச்காரர்கள் டூட்டி மாற்றிக்கொள்ளப் பேசுவது அந்தச் செயலியின் குழுவில்தான். பத்தரை மணிக்கு ஒருத்தி, “நாளைக்கு நைட் எனக்குப் பதில் வர முடியுமா? காலைல ஆறு மணிக்குள்ள சொல்லு, ரோஸ்டர் மாத்தணும்” என்று கேட்டிருக்கிறாள். போன் என் பையிலேயே இருந்தது. ஹேண்ட் ஓவர் முடிந்து எடுத்துப் பார்த்தால் மணி எட்டேகால். பொதுவாக ஊரே தூங்கும் நேரத்தில் விழித்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இதை மாற்ற அமைப்புகளுக்குள் போனால், ‘உங்கள் பெற்றோரைச் சேர்த்து அனுமதி பெறுங்கள்’ என்றது. அம்மா வைத்திருப்பது பட்டன் போன்.

27 வயசு ஆளை எப்படிச் சின்னப் பொண்ணுன்னு நினைச்சாங்க?

காரணத்தை அவர்கள் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள், சொன்னால் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டு தப்பித்துவிடுவார்கள் என்ற கவலை. ஆனால் இது பொதுவாக எப்படி நடக்கிறது என்பது ரகசியம் இல்லை. கணக்கு தொடங்கும்போது நாம் கொடுக்கும் பிறந்த தேதியை மட்டும் நம்பாமல், நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து ஒரு மென்பொருள் வயதை ஊகிக்கிறது. யூடியூப் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் இதைத் தொடங்கியபோது வெளிப்படையாகவே சொன்னது: என்ன தேடுகிறார், எந்த வகை வீடியோ பார்க்கிறார், கணக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதையெல்லாம் கணக்கில் எடுக்கிறோம் என்று.

என் கணக்கை அந்தக் கண்ணால் பார்த்தால் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வரும். நைட் டூட்டி முடிந்து பகலில் நான் தூங்கும்போது அண்ணன் மகன் என் போனில் கார்ட்டூன் பார்ப்பான். முதல் வருட நர்சிங் பிள்ளைகளுக்கு மருந்து அளவுக் கணக்கு சொல்லித் தருவதால் என்னைப் பின்தொடர்பவர்களில் பெரும்பாலோர் 17, 18 வயதுக்காரர்கள். அப்புறம் நேரம். இடைவேளையில் நான் போனை எடுப்பது ராத்திரி 2, 3 மணிக்கு. அந்த நேரத்தில் விழித்திருப்பவர் யார்? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, கேம் ஆடும் பிள்ளை, இல்லையென்றால் எங்களைப் போன்றவர்கள். மூன்றாவது வகை மென்பொருளுக்கு எவ்வளவு பழக்கம் என்று தெரியாது.

இது என் ஊகம்தான். ஆனால் எதை மாற்றினால் சரியாகும் என்று யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நடத்தையை மாற்றினால் முத்திரை தானாகப் போகும் என்று காத்திருப்பதைவிட வயதை நேரடியாக நிரூபிப்பதே வழி.

சரியான பிறந்த தேதியைத்தானே கொடுத்தீங்க? அதை ஏன் நம்பலை?

பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் 1998 என்றுதான் போடும். அதனால் தட்டச்சு செய்த தேதிக்கு இப்போது மதிப்பு குறைவு.

பின்னால் சட்டமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். குழந்தையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, இந்தக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. ஆகவே நிறுவனங்கள் இப்போதே தயாராகின்றன.

ஒரு பிள்ளையைப் பெரியவர் என்று தவறாக எடுத்துக்கொண்டால் அவர்களுக்குக் கோடிக்கணக்கில் ஆபத்து. என்னைப் பிள்ளை என்று தவறாக எடுத்துக்கொண்டால் நஷ்டம் எனக்கு மட்டும்தான். மென்பொருள் எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்ஃபி எடுத்தா போதும்னு சொன்னாங்களே, அது ஏன் உங்களுக்கு ஃபெயில் ஆச்சு?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘வயதை உறுதி செய்ய முடியவில்லை’ என்ற வரியைப் பார்த்ததும், 27 வயது முகத்தையுமா குழந்தை என்கிறார்கள் என்று எல்லோருக்கும் கோபம் வருகிறது. அந்த வரிக்கு அது பொருள் இல்லை.

செல்ஃபி வீடியோவில் உங்கள் முகத்தை யாருடைய படத்தோடும் ஒப்பிடுவதில்லை. முகத்தைப் பார்த்து ஒரு எண்ணை ஊகிக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊகத்தில் பிழை உண்டு. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 மே மாதம் இப்படிப்பட்ட ஆறு மென்பொருள்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. ஒரு படத் தொகுப்பில் நன்றாகச் செய்த மென்பொருளுக்கே சராசரிப் பிழை சுமார் 3 ஆண்டு. பெண்களின் முகத்தில் பிழை ஏறக்குறைய எப்போதும் ஆண்களைவிட அதிகம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

சராசரி 3 என்றால் சிலருக்கு 5, 6 ஆண்டுகூடத் தப்பும். அதனால் 18 வயதைச் சோதிக்க 18இல் கோடு போட முடியாது; 16 வயதுப் பிள்ளை 20 என்று காட்டி உள்ளே வந்துவிடும். கோட்டை மேலே தூக்கி வைப்பார்கள். எவ்வளவு மேலே என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு பேச்சுக்கு 25 என்று வைப்போம். எனக்கு வயது 27. மென்பொருள் என் முகத்தை 23 என்று ஊகிக்கிறது. நாலு ஆண்டுதான் பிழை, அதுவும் 18ஐத் தாண்டிய எண். ஆனாலும் 25ஐத் தொடவில்லை, ஆகவே ஃபெயில். அதாவது அது என்னைக் குழந்தை என்று சொல்லவில்லை. ‘முகத்தை மட்டும் வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு சான்று கொடு’ என்கிறது. அந்த எண்ணைத் திரையில் காட்டாததால் நமக்கு இது தெரிவதில்லை.

இருபதுகளில் இருக்கும் பெண்ணுக்கு, அதிலும் கொஞ்சம் சின்ன முகமாக இருந்தால், செல்ஃபி ஒரு லாட்டரி. நாற்பது வயது இன்சார்ஜ் சிஸ்டருக்கு முதல் தடவையே முடிந்துவிடும்.

அப்போ செல்ஃபியே எடுக்க வேண்டாமா?

ஒரு தடவை ஒழுங்காக எடுத்துப் பாருங்கள். அடையாள அட்டை கொடுக்காமலே முடிந்தால் நல்லதுதானே. ஆனால் டூட்டி ரூமில் எடுக்காதீர்கள். மேலே ஒரே ஒரு ட்யூப் லைட், தலையில் கேப், பல மணி நேரம் மாஸ்க் போட்ட தடம் மூக்கின் குறுக்கே சிவந்து கிடக்கும், கண்ணாடியில் லைட் பளபளக்கும். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, பகலில் ஜன்னலைப் பார்த்து நின்று எடுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். பல போன்களில் முன் கேமராவில் தோலை மழுமழுப்பாக்கும் அழகு வசதி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இருக்கிற கொஞ்சநஞ்சக் கோடுகளையும் அது அழித்துவிட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

ஃபெயில் ஆனால் உடனே மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். சில செயலிகளில் வாய்ப்புகளுக்கு வரம்பு உண்டு. அட்டைக்குப் போய்விடுங்கள்.

ஆதார் கொடுத்தேன், நிராகரிச்சுட்டாங்க. என்ன தப்பு?

அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் ‘பிறந்த தேதி’ என்று நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருக்கிறதா, அல்லது ‘பிறந்த ஆண்டு’ என்று ஆண்டு மட்டும் இருக்கிறதா?

எனக்கு ஆண்டு மட்டும்தான் இருந்தது. ஊரில் முகாம் போட்டு ஆதார் எடுத்தபோது வீட்டில் யாரும் சான்று கொண்டுபோகவில்லை, தோராயமாகப் பதிந்துகொண்டார்கள். இப்படி ஆண்டு மட்டும் உள்ள அட்டைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. 1998இல் எந்த மாதம் பிறந்திருந்தாலும் எனக்கு 18 தாண்டிவிட்டது என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் அட்டையைப் படிக்கும் மென்பொருள் முழுத் தேதியைத் தேடுகிறது. கிடைக்காவிட்டால் ‘தகவல் தெளிவாக இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. படம் மங்கல் போல என்று நினைத்து நான் வெளிச்சத்தை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சரி செய்யப் பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோ எடுத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போய்ப் பிறந்த தேதியைத் திருத்தலாம். பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் திருத்த அனுமதிப்பார்கள், ஆகவே எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 

நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் இருக்கே, அதைக் கொடுத்தா என்ன?

எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. யோசித்துப் பாருங்கள்: ஜி.என்.எம். ஆனாலும் பி.எஸ்சி. ஆனாலும் சேரவே 17 வயது நிரம்ப வேண்டும். ஒன்று 3 வருடம், இன்னொன்று 4 வருடம். அதற்குப் பிறகுதான் பதிவு. ஆக, பதிவு பெற்ற நர்ஸ் 18க்குக் கீழே இருக்க வழியே இல்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை.

ஆனால் முதலில் பார்ப்பது மனிதர் இல்லை. படமும் பிறந்த தேதியும் உள்ள அரசு அடையாள அட்டைகளின் பட்டியல் ஒன்று அங்கே இருக்கும். அதில் இல்லாததை அது படிக்கவே முயலாது. மருத்துவமனை ஐ.டி. கார்டுக்கும் இதே கதிதான், பல கார்டுகளில் பிறந்த தேதியே கிடையாது. கவுன்சில் சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், செயலியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதும்போது அது உதவும்.

கடைசியில எது வேலை செஞ்சது?

பாஸ்போர்ட். வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்யலாம் என்று எடுத்து அலமாரியில் வைத்திருந்தது.

பாஸ்போர்ட் ஏன் எளிது என்றால், படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்றே இரண்டு வரிகள் இருக்கின்றன. உலகம் முழுக்க அதற்கு ஒரே அமைப்பு. இரண்டாவது வரியில் பிறந்த தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கமாக இருக்கும், ஏழாவதாக ஒரு சோதனை இலக்கம். 14.06.1998 என்ற தேதியை (என்னுடையது இல்லை, சும்மா ஒரு தேதி) எடுத்துக்கொண்டால் இப்படி வரும்:

```
9806146
```

கடைசி 6 எப்படி வந்தது? முதல் ஆறு இலக்கங்களையும் 7, 3, 1, 7, 3, 1 என்று முறையே பெருக்கிக் கூட்ட வேண்டும்: 63 + 24 + 0 + 42 + 3 + 4 = 136. அதன் கடைசி இலக்கம் 6. கேமரா ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தால் இந்தக் கணக்கு உதைக்கும், உடனே மென்பொருளுக்குத் தெரிந்துவிடும். ஆதாரிலோ பான் கார்டிலோ அச்சிட்ட தேதியைப் படிக்கும்போது இந்த வசதி இல்லை. இது 06/07ஆ, 07/06ஆ என்ற குழப்பமும் பாஸ்போர்ட்டில் இல்லை.

படம் எடுக்கும்போது கருப்பான போர்வை மேல் வைத்து, நாலு மூலையும் அந்த இரண்டு வரிகளும் முழுசாகத் தெரியும்படி, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தேன். விரலால் பக்கத்தை அழுத்திப் பிடிக்கும்போது அடிவரியை மறைத்துவிடுவது பலரும் செய்வது. விரலுக்குப் பதில் ஓரத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். பிறகு அட்டைப் படத்தோடு ஒப்பிட ஒரு செல்ஃபி கேட்டது. இது வயதை ஊகிக்க இல்லை, அதே ஆள்தானா என்று பார்க்க. அதே நாள் சாயங்காலமே முத்திரை போய்விட்டது.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஓட்டுநர் உரிமத்தையோ பான் கார்டையோ முயலலாம். இரண்டிலும் முழுத் தேதி உண்டு. படிக்கும் காலத்தில் எடுத்த பான் கார்டில் படம் தபால்தலை அளவுக்கு மங்கலாக இருந்தால் முகம் பொருந்தாமல் போகலாம்.

கணக்குல என் பேர் வேற, அட்டையில இனிஷியல் விரிஞ்சு வேற மாதிரி இருக்கே?

வயதுச் சோதனையில் பெரும்பாலும் அது சிக்கல் இல்லை. பார்ப்பது தேதியையும் முகத்தையும்தான். கணக்கில் எனக்கு வீட்டுப் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு முழுப் பெயர். ஒன்றும் கேட்கவில்லை.

அடையாள அட்டையை அனுப்பறது பாதுகாப்பா சிஸ்டர்?

முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியின் நிறுவனம், வெளியிலிருந்து வாடிக்கையாளர் சேவை செய்யும் ஒரு நிறுவனம் வழியாக நடந்த ஊடுருவலில் சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் வெளியாகியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அவற்றில் வயது குறித்து முறையிட்டவர்கள் அனுப்பிய படங்களும் இருந்தன. நம்மைப் போன்றவர்கள்தான்.

அதனால்தான் செல்ஃபியை முதலில் முயலச் சொன்னேன். அட்டைதான் வழி என்றால், ஆதாராக இருந்தால் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம், அதில் எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும். படத்தைப் பெறுவது செயலி நடத்தும் நிறுவனமா வேறொரு நிறுவனமா, எப்போது அழிப்பார்கள் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. கணக்கு சிக்கலில் இருக்கும் நேரத்தில் ‘24 மணி நேரத்தில் மூடப்படும், ஆதாரை இந்த எண்ணுக்கு அனுப்பவும்’ என்று வாட்ஸ்அப்பில் வரும். உதவிக்கு ஆள் தேடி எங்காவது எழுதினால், பணம் கொடுத்தால் சரி செய்கிறேன் என்றும் சிலர் வருவார்கள். செயலிக்குள் இருக்கும் பொத்தானைத் தவிர வேறு எங்கும் எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் 1930க்குப் போன் செய்யுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம்.

எல்லாத்தையும் நிராகரிச்சா யாரைக் கேக்கறது?

2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இந்தியாவில் இயங்கும் ஒவ்வொரு சமூக ஊடகமும் ஒரு குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு முகவரியையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். உதவிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும், தேடுங்கள்.

கோபத்தைக் கொட்டாமல் நர்சிங் நோட்ஸ் எழுதுவது போல எழுதுங்கள். எந்தத் தேதியில் கணக்கு மாற்றப்பட்டது, எந்தச் சான்று கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் என்ன பதில் வந்தது, உங்களுக்கு என்ன வேண்டும். திரையில் வந்த வரியை அப்படியே போடுங்கள். கவுன்சில் சான்றிதழ் உதவும் இடம் இதுதான், ஏனென்றால் இங்கே ஒரு மனிதர் படிக்கிறார். அவர் முடிவும் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் அரசின் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம், முகவரி gac.gov.in. நான் அதுவரை போகவில்லை.

பேசாம புதுக் கணக்கு ஆரம்பிச்சுட்டா?

ஆரம்பித்தால் புதுக் கணக்குக்கு வயது ஒரு நாள். அதே போன், அதே ராத்திரி மூன்று மணி, அதே முதல் வருடப் பிள்ளைகள். இன்னும் சீக்கிரம் மாட்டும். பிறந்த தேதியை 1980 என்று மாற்றிப் பார்ப்பதும் வேண்டாம், பின்னால் அட்டை கொடுக்கும்போது இரண்டும் முட்டும்.

சரியான பிறகு எல்லாம் பழையபடி வந்துடுச்சா?

தானாக வரவில்லை. முத்திரையை எடுத்தார்கள், ஆனால் அவர்கள் மாற்றிய அமைப்புகள் அப்படியே இருந்தன. தனிப்பட்ட கணக்கு, செய்திக் கட்டுப்பாடு, இரவு அறிவிப்பு நிறுத்தம் மூன்றையும் நாமேதான் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். இரவு நிறுத்தத்தை மறந்துவிடுவீர்கள், ஏனென்றால் பகலில் எல்லாம் ஒழுங்காகவே ஒலிக்கும். அடுத்த நைட் டூட்டிக்கு முன்னால் தோழியை விட்டு 10 மணிக்கு மேல் ஒரு செய்தி அனுப்பச் சொல்லிப் பாருங்கள். தனிப்பட்ட கணக்கு என்பதை மட்டும் நான் அப்படியே விட்டுவிட்டேன், அது வசதியாகத்தான் இருக்கிறது. அண்ணன் மகனுக்கு இப்போது அவன் அப்பா போன்.